பேட்ச் எண் சொல்வதும் சொல்லாததும்

அக்கா மகனுக்கு முதல் சம்பளம் வந்திருந்தது. தனக்கென்று அவன் வாங்க ஆசைப்பட்ட முதல் பொருள் டியோர் கம்பெனியின் 'சோவாஜ் எலிக்சிர்' பெர்ஃப்யூம். பெரிய கடைகளில் அதன் விலை பத்தாயிரத்தைத் தாண்டும். "மாமா, இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர் 3,500 ரூபாய்க்குத் தர்றார். ஒரிஜினல்தான். பேட்ச் எண்ணைக்கூட வெப்சைட்ல போட்டுப் பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றான்.

"பாத்துட்டேன்" என்று அவன் சொன்ன அந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதனால் பணம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, விற்பவர் அனுப்பிய படங்களை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

பேட்ச் எண் என்பது ஒரே தடவையில் கலந்து நிரப்பப்பட்ட சரக்கு முழுவதற்கும் கம்பெனி போடும் அடையாளம். பெட்டியின் அடியில் அழுத்தியோ அச்சிட்டோ இருக்கும். பாட்டிலின் அடியிலும் இருக்கும். பட்டைக்கோடு வேறு, இது வேறு. டியோரில் இது நான்கே எழுத்துகள்: ஓர் இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து, பிறகு இரண்டு இலக்கங்கள். முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்து வரும் எழுத்து மாதத்தைக் குறிக்கும். checkfresh.com போன்ற தளங்கள் இந்தக் கணக்கைப் போட்டுத் தேதியைச் சொல்கின்றன. அவை கம்பெனிகள் நடத்தும் தளங்கள் அல்ல. உங்கள் கையில் இருப்பது எந்த பெர்ஃப்யூம் என்பதுகூட அவற்றுக்குத் தெரியாது.

விற்பவர் அனுப்பிய படத்தில் இருந்த எண் 8V02. தளம் அதை ஏற்றுக்கொண்டு, 2018-இல் தயாரானது என்று காட்டியது. பிழை என்று சொல்லாததால் அக்கா மகன் நிம்மதியாகிவிட்டான். ஆனால் சோவாஜ் வரிசையில் முதலாவது வந்தது 2015-இல். எலிக்சிர் வந்ததோ 2021-இல். பிறக்காத பிள்ளைக்கு மூன்று வருடம் முன்பே பிறப்புச் சான்றிதழ் இருக்க முடியுமா? வேறொரு சோவாஜ் பெட்டியில் இருந்த எண்ணை எடுத்து இதில் அடித்திருக்கிறார்கள். ஆகவே எண்ணைத் தளத்தில் போட்ட பிறகு வரும் தேதியை, அந்த பெர்ஃப்யூம் சந்தைக்கு வந்த ஆண்டோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.

தேதி பொருந்திவிட்டால் மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. உண்மையான பெட்டி ஒன்றை வாங்கி, அதன் எண்ணை ஆயிரம் பெட்டிகளில் அடிப்பது போலிக்காரருக்கு மிக எளிது. பேட்ச் எண்ணால் ஒரு பொருளைப் போலி என்று காட்டிக்கொடுக்க முடியும். அசல் என்று சான்று தர முடியாது. பெட்டியில் ஓர் எண்ணும் பாட்டிலில் வேறு எண்ணும் இருந்தால் வாங்காதீர்கள். பாட்டிலில் எண் சுரண்டப்பட்டிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து, பாட்டில் அடியின் படத்தைக் கேட்டோம். "சீல் போட்டது, பிரிக்க முடியாது" என்றார். அது நியாயமான பதில்தான். ஆனால் பிரித்த பாட்டில் ஒன்றின் வீடியோவை அவரே தன் பக்கத்தில் போட்டிருந்தார். அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்.

ஸ்பிரேயில்தான் போலிக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். நல்ல பம்பு பனிபோலத் தூவும். அழுத்தும்போது தடங்கல் இருக்காது. மலிவான பம்பு நீர்த்துளிகளாகப் பீய்ச்சும், ஓரத்தில் கசியும், அழுத்திய பிறகு மெதுவாக மேலே வரும். பெரும்பாலான பாட்டில்களில் பம்பைக் கழுத்தோடு சேர்த்து உலோக வளையத்தால் இறுக்கியிருப்பார்கள். அந்த வளையம் கோணலாக இருக்கக் கூடாது, கையால் திருப்பினால் சுழலவும் கூடாது. மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வகைப் பாட்டில்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை திருகித் திறக்கும்படியே செய்யப்படுகின்றன. பாட்டிலுக்குள் இறங்கும் குழாயையும் கவனியுங்கள். நல்ல பாட்டிலில் அது மெல்லியதாக, திரவத்துக்குள் கண்ணுக்கே தெரியாத அளவு தெளிவாக, அடிமட்டம் வரை அளவாக இருக்கும். போலியில் தடித்த வெள்ளைக் குழாய் நீளம் மிஞ்சி அடியில் மடங்கிக் கிடக்கும். நாங்கள் பார்த்த வீடியோவில் முதல் அழுத்திலேயே மூன்று துளிகள் அவர் மணிக்கட்டில் வழிந்தன. சோவாஜ் மூடி காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், இதுவும் ஒட்டியது. ஆனால் காந்த மூடியை இப்போது போலியிலும் வைக்கிறார்கள். அதை நம்பாதீர்கள்.

திரவத்தின் நிறம் இந்த பெர்ஃப்யூமில் நமக்கு உதவாது, பாட்டில் கருநீலம். தெளிந்த கண்ணாடிப் பாட்டிலாக இருந்தால், கம்பெனியின் படத்தோடு ஒப்பிடலாம். கலங்கலோ அடியில் வண்டலோ கெட்ட அறிகுறி. சாயம் கரைத்ததுபோல் கண்ணைப் பறிக்கும் நிறமும் அப்படியே. ஆனால் நிறம் சற்றே கருத்திருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலின் போன்ற பொருட்கள் காலப்போக்கில் பழுப்பேறும். கெர்லான் கம்பெனி 1925-இல் கொண்டுவந்த 'ஷாலிமார்' அப்படிப்பட்டது. அதன் பழைய அசல் பாட்டில் புதியதைவிட நன்றாகவே கருத்திருக்கும்.

பெட்டியில் எழுத்துப் பிழையும் மங்கிய அச்சும் தேடுவது பழைய யோசனை. இன்றைய போலிகளின் அச்சு திருத்தமாகவே இருக்கிறது. மேலே சுற்றிய கண்ணாடித்தாள் தொளதொளவென்று இருக்கிறதா, மடிப்புகளில் பசை பிதுங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும். இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சட்டப்படி இறக்குமதியாகிச் சில்லறையில் விற்கப்படும் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அளவு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். பெரும்பாலும் இதை ஒரு ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். அதை வாசிக்கும்படி தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்டோம். "டியூட்டி ஃப்ரீ சரக்கு, ஸ்டிக்கர் வராது" என்றார். விமான நிலையத்தில் வாங்கியதில் ஸ்டிக்கர் இருக்காது என்பது உண்மைதான். அப்படியானால் வாங்கிய ரசீது இருக்க வேண்டுமே என்று கேட்டோம். பதிலாக, "இன்னும் 2 பீஸ்தான் இருக்கு, இன்னிக்கே பணம் போட்டா 3,200" என்று வந்தது. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு விலையைக் குறைக்கிறவரிடம் நான் எதையும் வாங்க மாட்டேன். கடைசியாக, பேட்ச் எண் எலிக்சிருக்கு முந்தைய ஆண்டைக் காட்டுகிறதே என்று அக்கா மகன் எழுதினான். ஐந்து நிமிடத்தில் அவனை பிளாக் செய்துவிட்டார்.

பெரிய ஷாப்பிங் தளங்களில் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பக்கத்தில் பல வியாபாரிகள் அதே பொருளை விற்கலாம். அங்கே தெரியும் நட்சத்திரங்கள் அந்தப் பொருளுக்கு வந்தவை. உங்களுக்கு அனுப்பப்போகிற வியாபாரிக்கு வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. யார் விற்கிறார் என்ற பெயரைத் தொட்டு, அவருடைய முகவரியையும் அவருக்கென்று வந்த மதிப்புரைகளையும் படியுங்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் போட்ட படங்களை முதலில் பாருங்கள். சீல் பிரித்த பாட்டிலின் அடியும் ஸ்பிரேயும் குழாயும் அங்கேதான் கிடைக்கும். 'டெஸ்டர்' என்று மலிவாக வருவதை விட்டுவிடுங்கள். கடைகளில் முகர்ந்து பார்க்க வைக்கும் அந்தப் பாட்டில்கள் விற்பனைக்கானவை அல்ல. சாதாரண வெள்ளைப் பெட்டியில் வருவதால் அதைப் போலியாகச் செய்வது இன்னும் எளிது.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, பிரிப்பது, இரண்டு பேட்ச் எண்கள், முதல் ஸ்பிரே வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பில்லையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். தளம் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.