95 சதவீதத் துல்லியம் என்ற வரியை அடித்துவிடுங்கள்

காப்பீட்டு நிறுவனங்களின் ஆக்சுவரி துறைக்கு விண்ணப்பிக்கும் புள்ளியியல் பட்டதாரிகள் பலரின் ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'வாகனக் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கணிக்கும் மாடல். மென்பொருள்: ஆர். துல்லியம்: 95 சதவீதம்.' எழுதியவருக்கு அது பெருமை. தேர்வு செய்யும் ஆக்சுவரிக்கோ அந்த ஒரு வரியே போதும், இவருக்கு இன்னும் காப்பீட்டுத் தரவு பிடிபடவில்லை என்று புரிந்துகொள்ள.

காப்பீட்டில் இனி என்ன நடக்கலாம், அதற்கு எவ்வளவு செலவாகும், அதற்காக இன்று எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடுபவர் ஆக்சுவரி. அந்த வேலையின் முதல் படிக்கு விண்ணப்பிப்பவரிடம் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: செய்த மாடல், கையாளத் தெரிந்த மென்பொருள், எழுதி முடித்த தொழில்முறைத் தேர்வுகள். எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்து விண்ணப்பிக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டு, அவருடைய ரெஸ்யூமேயை வரிவரியாகத் திருத்திப் பார்ப்போம்.

முதல் வரி: மாடல்

அவர் எடுத்துக்கொண்டது பிரான்ஸ் நாட்டு வாகனக் காப்பீட்டுத் தரவு. `freMTPL2freq` என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பது. இதில் 6,78,013 பாலிசிகள் இருக்கின்றன. ஓட்டுநரின் வயது, வண்டியின் வயது, எஞ்சின் திறன், வசிக்கும் பகுதி, எத்தனை முறை இழப்பீடு கேட்டார் என்ற விவரங்கள் ஒவ்வொரு பாலிசிக்கும் உண்டு.

இவற்றில் 6,43,953 பாலிசிகளில் ஒரு கோரிக்கைகூட வரவில்லை. அதாவது 95 சதவீதம். ஆகவே 'யாருமே இழப்பீடு கேட்க மாட்டார்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 95 சதவீதம் சரியாகத்தான் இருக்கும். அப்படிச் சொல்லும் மாடலை நம்பி பிரீமியம் வைத்தால் பிரீமியம் பூஜ்யம். ஒரு குறிப்பிட்ட ஆள் மோதுவாரா, மாட்டாரா என்பது காப்பீட்டு நிறுவனத்துக்குத் தேவையில்லை. இவரைப் போன்ற ஆயிரம் பேர் ஓர் ஆண்டு ஓட்டினால் எத்தனை கோரிக்கை வரும் என்பதே அதன் கேள்வி.

'ஓர் ஆண்டு' என்பதில்தான் அடுத்த வழுக்கல் இருக்கிறது. தரவில் மொத்தக் கோரிக்கைகள் 36,102. இதைப் பாலிசிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சுமார் 5.3 சதவீதம் வருகிறது. ஆனால் எல்லாப் பாலிசியும் முழு ஆண்டு நடப்பில் இருந்தவை அல்ல. சிலர் இரண்டே மாதத்தில் வண்டியை விற்றிருப்பார்கள். சிலர் ஆண்டின் கடைசியில் சேர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பாலிசியும் நடப்பில் இருந்த காலத்தை `Exposure` என்ற பத்தி ஆண்டுக் கணக்கில் சொல்கிறது. அதைக் கூட்டினால் ஏறக்குறைய 3,58,500 ஆண்டுகள். கோரிக்கைகளை அதனால் வகுத்தால் சுமார் 10.1 சதவீதம். முதல் கணக்கை நம்பியவர் ஆண்டு பிரீமியத்தைத் தேவையானதில் பாதி அளவுக்கே வைத்திருப்பார்.

இந்தக் கால அளவை மாடலுக்குள் கொண்டுவரும் வழி புள்ளியியல் படித்தவருக்குப் புதிதல்ல. எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் மாடலில் கால அளவின் மடக்கையை நிலையான உறுப்பாகச் சேர்த்துவிட வேண்டும்:

```
glm(ClaimNb ~ AgeBand + VehAge + Area +
      offset(log(Exposure)),
    family = poisson, data = train)
```

இங்கே `AgeBand` என்பது ஓட்டுநரின் வயதைப் பிரிவுகளாக வகுத்து அவர் தாமே உருவாக்கிய பத்தி. வயதை அப்படியே எண்ணாகக் கொடுத்தால், வயது கூடக் கூட ஆபத்து ஒரே சீராக ஏறும் அல்லது ஒரே சீராக இறங்கும் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். உண்மையில் இளம் ஓட்டுநர்களிடம் ஆபத்து மிக அதிகம். பிறகு வேகமாகக் குறைந்து, முதுமையில் மீண்டும் கூடக்கூடும்.

இதே தரவில் `BonusMalus` என்ற பத்தியும் இருக்கிறது. விபத்து வரலாற்றைப் பொறுத்துப் பிரீமியத்தைக் கூட்டிக் குறைக்கும் பிரெஞ்சு முறை அது. எல்லோரும் 100-இல் தொடங்குகிறார்கள். விபத்தில்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 சதவீதம் குறையும். தன் தவறால் ஒரு விபத்து நடந்தால் 25 சதவீதம் கூடும். கீழ் எல்லையான 50-ஐத் தொட 13 ஆண்டுகள் ஆகும். ஆகவே புதிதாக ஓட்டத் தொடங்கியவரின் எண் 100-ஐ ஒட்டியே நிற்கும். இந்தப் பத்தியை மாடலில் சேர்த்தால், முன்பு வயதின் மேல் விழுந்த பாரத்தில் ஒரு பகுதி இதன் மேல் சாய்ந்துவிடும். வயதின் கெழு மாறும். 'இளம் வயதின் விளைவு ஏன் குறைந்தது?' என்று நேர்காணலில் கேட்டால், மாடலைத் தானே செய்தவருக்கு விடை தயாராக இருக்கும். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியவர் தடுமாறுவார்.

அடுத்தது சரிபார்ப்பு. மாடலை உருவாக்கப் பயன்படுத்திய தரவிலேயே மொத்தக் கணிப்பையும் மொத்த உண்மையையும் ஒப்பிட்டுப் பயனில்லை. மாறிலி உள்ள இவ்வகைப் பாய்சான் மாடலில் அவை எப்போதும் பொருந்தும். எனவே ஐந்தில் ஒரு பங்குத் தரவை முதலிலேயே ஒதுக்கிவைத்து, வயதுப் பிரிவு, பகுதி வாரியாக ஒப்பிட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு பிரிவில் 400 கோரிக்கைகளை மாடல் எதிர்பார்க்கிறது என்று வைப்போம். பாய்சான் பரவலில் இதன் திட்ட விலக்கம் 400-இன் வர்க்கமூலம், அதாவது 20. உண்மையில் 410 வந்திருந்தால் அது இயல்பான ஏற்ற இறக்கம். 480 வந்திருந்தால், அந்தப் பிரிவில் மாடல் எதையோ தவறவிட்டிருக்கிறது.

வேலையின் எல்லையையும் அவர் எழுதிவைக்க வேண்டும். இது கோரிக்கைகளின் எண்ணிக்கைக்கான மாடல் மட்டுமே. பிரீமியம் கணக்கிடத் தொகையும் வேண்டும். இழப்பீட்டுத் தொகைகள் `freMTPL2sev` என்ற இணைக் கோப்பில் உள்ளன. ஆனால் கோரிக்கை உண்டு என்று பதிவான பாலிசிகளில் 9,000-க்கும் மேற்பட்டவற்றுக்கு அங்கே தொகை இல்லை. இரண்டையும் யோசிக்காமல் இணைத்தால் சராசரி கோணிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ரெஸ்யூமேயின் வரி இப்படி மாறுகிறது: 'பிரெஞ்சு வாகனக் காப்பீட்டில் 6.78 லட்சம் பாலிசிகள். நடப்புக் காலத்தைக் கணக்கில் கொண்ட பாய்சான் மாடல். ஒதுக்கிவைத்த 20 சதவீதத் தரவில் வயது, பகுதி வாரியாக உண்மையும் கணிப்பும் ஒப்பிடப்பட்டன.' துல்லியச் சதவீதம் எங்கும் இல்லை.

இரண்டாம் வரி: மென்பொருள்

ஆர், பைத்தான், எக்செல், எஸ்க்யூஎல், எஸ்ஏஎஸ், டேப்லோ என்று அடுக்கிய பட்டியல் எதையும் நிரூபிப்பதில்லை. எந்த வேலையை எதில் செய்தார் என்று எழுதினால்தான் அது சான்று: தரவைப் பிரித்தெடுத்தது எஸ்க்யூஎல்லில், மாடல் ஆரில், பிரிவுவாரி ஒப்பீட்டு அட்டவணை எக்செல்லில்.

எக்செல்லைச் சாதாரணம் என்று நினைத்துக் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். ஆக்சுவரி துறையில் புதிதாகச் சேருபவரின் நாளில் பெரும்பகுதி அதில்தான் போகும். கைப்பட எண் தட்டிய கட்டம் எது, சூத்திரம் உள்ள கட்டம் எது என்று நிறத்தால் பிரித்து, மொத்தங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை வரி வைத்த ஒரு கோப்பு கையில் இருந்தால் அதைக் குறிப்பிடலாம்.

ஆயுள் காப்பீட்டில் பிராஃபெட், பொதுக் காப்பீட்டில் எம்ப்ளம், ரெஸ்க்யூ போன்றவை நிறுவனங்கள் உரிமம் வாங்கிப் பயன்படுத்துபவை. கல்லூரி மாணவர் அவற்றில் வேலை செய்திருக்க வாய்ப்பு குறைவு என்று கேட்பவருக்கும் தெரியும். அறிமுக வீடியோ பார்த்ததை வைத்துப் பட்டியலில் சேர்த்தால் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாம் வரி: பாதி தாண்டிய தேர்வுகள்

இந்தியாவில் ஏசெட் என்ற நுழைவுத் தேர்வில் வென்று இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தில் மாணவர் உறுப்பினராகலாம். பிறகு பாடம் பாடமாக எழுத வேண்டும். வேலையில் இருந்தபடி பல ஆண்டுகள் எழுதி முடிப்பதுதான் வழக்கம். ஆகவே பாதி முடித்திருப்பது குறையல்ல. எந்தப் பாதி என்பது தெளிவாக இல்லாவிட்டால்தான் சிக்கல்.

நம் பெண் சிஎஸ்1, சிபி2 இரண்டிலும் தேறியவர். சிஎஸ்2 எழுதி முடிவுக்குக் காத்திருக்கிறார். சிஎம்1-இல் ஒருமுறை தோற்று மீண்டும் பதிவு செய்திருக்கிறார். 'ஆக்சுவரி தேர்வுகள்: 4 பாடங்கள்' என்று அவர் முதலில் எழுதியிருந்தது பொய்யில்லை என்றாலும், படிப்பவர் நான்கிலும் தேறியதாக எடுத்துக்கொள்வார். திருத்தியபின்:

இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம், மாணவர் உறுப்பினர்
தேர்ச்சி: சிஎஸ்1 (மே 2024), சிபி2 (நவம்பர் 2024)
முடிவு எதிர்பார்ப்பு: சிஎஸ்2 (மே 2025)
பதிவு: சிஎம்1 (நவம்பர் 2025)

எந்த நிறுவனம் என்பதை முதலில் எழுதக் காரணம் உண்டு. பிரிட்டனின் ஆக்சுவரி அமைப்பும் இதே பாடக் குறியீடுகளையே வைத்திருக்கிறது. நிறுவனப் பெயரில்லாமல் வெறும் 'சிஎஸ்1' என்றால் எங்கே எழுதியது என்று தெரியாது. கல்லூரிப் படிப்பை வைத்து விலக்கு கிடைத்த பாடம் இருந்தால் அதைத் தேர்ச்சியோடு கலக்காமல் 'விலக்கு' என்றே தனி வரியில் எழுத வேண்டும்.

சிஎஸ், சிஎம் பாடங்களில் எழுத்துத் தாளோடு கணினித் தாளும் உண்டு. சிஎஸ்ஸுக்கு ஆர், சிஎம்முக்கு எக்செல். இரண்டும் சேர்ந்தே ஒரு பாடம். ஒரு தாள் நன்றாகப் போனது என்பதற்காக அதைத் தனித் தேர்ச்சியாகக் காட்ட முடியாது. அதேபோல, அசோசியேட் நிலையை எட்டும்வரை எத்தனை பாடம் தேறினாலும் பெயருக்குப் பின்னால் பட்ட எழுத்துகள் போடக் கூடாது.

சிஎம்1-இல் தோற்றதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவம் ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை முயற்சி என்று கேட்டால் உள்ளபடி நிரப்ப வேண்டும். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது எப்படியும் தெரியவரும் விஷயம் அது. விண்ணப்பித்தபின் சிஎஸ்2 முடிவு வந்தால், நல்லதோ கெட்டதோ, நேர்காணலுக்கு முன்பே ஒரு வரி மின்னஞ்சலில் தெரிவித்துவிடலாம்.

இந்த மூன்று வரிகளும் ஒன்றுக்கொன்று சாட்சி. பாய்சான் மாடல் சிஎஸ்1 பாடத்திட்டத்தில் வருவது. அதன் கணினித் தாள் ஆரில் எழுதப்படுவது. அதனால்தான் நேர்காணலில் கேள்விகள் பாடப்புத்தகத்தைத் தாண்டிப் போகும். 'இந்த மாடலை இங்கே எதற்குப் பயன்படுத்துவீர்கள்?' என்பது அவற்றில் ஒன்று. பிரெஞ்சுத் தரவு மூன்றாம் நபருக்கான இழப்பீடு பற்றியது. இந்தியாவில் அந்தப் பகுதிக்கான பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தைத்தான் நிறுவனங்கள் தாமே நிர்ணயிக்கின்றன. ஆகவே முறையைச் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கெழுக்களை எடுத்துக்கொள்ள முடியாது, இந்தியத் தரவில் புதிதாகக் கணக்கிட வேண்டும். மூன்றாம் நபர் பகுதியில், அறிவிக்கப்பட்ட பிரீமியம் தங்கள் வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளுக்குப் போதுமா என்று பார்க்க இதே முறை உதவும்.