செய்ததைச் செய்த வரிசையில்

வேதியியல் ஆய்வக அறிக்கையின் ‘செய்முறை’ப் பகுதியில் அடிக்கடி கண்ணில் படும் மாதிரிப் பத்தி இது. ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்த பிறகு எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம்:

“பியூரெட்டில் பெர்மாங்கனேட் கரைசலை நிரப்பவும். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசலை கூம்புக் குடுவையில் எடுக்கப்படுகிறது. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் நிறுத்தினோம். அதற்கு முன் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். நீர்த்த கந்தக அமிலமும் சேர்க்கப்பட்டது. ஒத்த அளவீடுகள் கிடைக்கும் வரை திரும்பச் செய்யப்படும். பியூரெட்டை முதலில் கழுவிக்கொள்ளவும்.”

வேதியியல் தெரிந்தவருக்கு இதில் ஒன்றும் புரியாமல் போகாது. ஆனால் இந்தப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. கந்தக அமிலம் சேர்த்தது சூடாக்குவதற்கு முன்பா, பின்பா? எத்தனை மி.லி.? உண்மையில் எந்த வெப்பநிலை? எத்தனை முறை? எதற்கும் விடை இல்லை.

கலப்பு எங்கிருந்து வருகிறது?

வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். ‘நிரப்பவும்’, ‘எடுக்கப்படுகிறது’, ‘நிறுத்தினோம்’, ‘சூடாக்க வேண்டும்’, ‘சேர்க்கப்பட்டது’, ‘செய்யப்படும்’, ‘கழுவிக்கொள்ளவும்’. ஏழு வாக்கியங்களில் ஏவல், நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் வந்துவிட்டன. செய்முறைக் கையேடு இனிமேல் செய்யப்போகிறவருக்காக எழுதப்பட்டது. அதனால் ‘நிரப்பவும்’ என்கிறது. பாடநூல் பொதுவாக நடப்பதைச் சொல்வது. அதனால் ‘எடுக்கப்படுகிறது’ என்கிறது. அறிக்கையோ, செய்து முடித்தவர் தரும் சாட்சியம். கையேட்டையும் பாடநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும்போது மூன்று குரல்களும் ஒரே பத்திக்குள் புகுந்துவிடுகின்றன.

ஆகவே முதல் வேலை, எல்லா வினைகளையும் இறந்தகாலத்துக்குக் கொண்டுவருவது. ‘நிரப்பினோம்’ என்பதா, ‘நிரப்பப்பட்டது’ என்பதா என்று கேட்டால், உங்கள் துறை எதைக் கேட்கிறதோ அதை எழுதலாம். ஒன்றைத் தேர்ந்த பிறகு மற்றொன்றுக்குத் தாவக் கூடாது. ‘படு’ சேர்த்து எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ‘கரைசலை எடுக்கப்பட்டது’ என்பது பிழை. ‘கரைசல் எடுக்கப்பட்டது’ என்றோ ‘கரைசலை எடுத்தோம்’ என்றோதான் வர வேண்டும். பன்மைக்கு வினையும் மாற வேண்டும்: ‘அளவீடுகள் குறிக்கப்பட்டன.’

காலத்தை மாற்றினால் பொறுப்பும் வருகிறது

விகுதியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ‘60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கவும்’ என்பது அறிவுரை. ‘60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டால் அது நடந்த நிகழ்ச்சி பற்றிய கூற்று. வெப்பமானி 65 காட்டியபோது அடுப்பை அணைத்திருந்தால் 65 என்று எழுதுவதே சரி. வெப்பமானியே வைக்காமல், குடுவையின் சூடு கைக்குத் தாங்காத அளவு வந்ததும் நிறுத்தியிருந்தால், அதைத்தான் எழுத வேண்டும். எண்ணைப் போட்டால் பொய்யாகிவிடும்.

‘ஒத்த அளவீடுகள் கிடைக்கும் வரை’ என்பதும் அப்படித்தான். அது கையேடு தரும் விதி. அறிக்கையில் எத்தனை முறை செய்தீர்கள், எவை ஒத்திருந்தன என்பது வேண்டும். பள்ளி ஆய்வகங்களில் வழங்கும் ‘ஒரு சோதனைக்குழாய் அளவு அமிலம்’ என்பதையும் அளந்த மி.லி. ஆக மாற்ற வேண்டும். அளக்கவில்லை என்றால் சோதனைக்குழாய் என்றே விட்டுவிடலாம்.

வரிசை ஏன் முக்கியம்?

இரண்டாவது வேலை, ஒவ்வொரு செயலுக்கும் கை செய்த வரிசையில் எண் போடுவது. மேலே உள்ள பத்தியில் கடைசி வாக்கியம் முதல் எண்ணைப் பெறும். ‘அதற்கு முன்’, ‘முதலில்’ போன்ற சொற்கள் பத்தியின் நடுவிலோ கடைசியிலோ வந்தால், ஒரு வாக்கியம் இடம் தவறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் சோதனையில் வரிசை வெறும் நடை அழகல்ல. 65 டிகிரிக்குச் சூடாக்கிய 20 மி.லி. கரைசலில், 30 டிகிரியில் இருக்கும் 20 மி.லி. கந்தக அமிலத்தைப் பிறகு ஊற்றினால் கலவை ஏறத்தாழ 47 டிகிரிக்கு இறங்கிவிடும். குறைந்த வெப்பநிலையில் வினை மெதுவாக நடப்பதால், இடையிலேயே இளஞ்சிவப்பு தங்கி, முடிவுநிலை வந்துவிட்டதாக ஏமாற்றும். அமிலம் போதாமல் போனால் மாங்கனீசு டை ஆக்சைடு உண்டாகிக் கரைசல் பழுப்பாகும். ஆகவே படிப்பவருக்கு ‘அமிலமும் சேர்க்கப்பட்டது’ என்பது போதாது. எப்போது சேர்க்கப்பட்டது என்பது தெரிய வேண்டும்.

தமிழில் வரிசை காட்ட ‘பிறகு’, ‘பின்னர்’ என்று வாக்கியந்தோறும் தொடங்கத் தேவையில்லை. ‘நிரப்பப்பட்டு, குறிக்கப்பட்டது’ என்று வினையெச்சமே முன்பின்னைச் சொல்லிவிடும். ஆனால் ஒரு வாக்கியத்தில் இரண்டு செயலோடு நிறுத்துவது நல்லது. ‘எடுத்து, சேர்த்து, சூடாக்கி, சொட்டவிட்டு’ என்று கோத்துக்கொண்டே போனால், எந்த அளவு எந்தச் செயலுக்கு உரியது என்பது குழம்பிவிடும்.

திருத்திய பத்தி இதோ:

“பியூரெட் முதலில் வாலைவடிநீராலும், பின்னர் பெர்மாங்கனேட் கரைசலாலும் கழுவப்பட்டது. அதே கரைசல் அதில் நிரப்பப்பட்டு, தொடக்க அளவீடு குறிக்கப்பட்டது. 20 மி.லி. ஆக்சாலிக் அமிலக் கரைசல் பிப்பெட் மூலம் கூம்புக் குடுவைக்கு மாற்றப்பட்டது. அதனுடன் 20 மி.லி. நீர்த்த கந்தக அமிலம் சேர்க்கப்பட்டது. கலவை 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டது. சூடு ஆறுமுன் பெர்மாங்கனேட் கரைசல் துளித்துளியாகச் சேர்க்கப்பட்டது. அப்போது குடுவை தொடர்ந்து சுழற்றப்பட்டது. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் 30 விநாடிகள் நிலைத்ததும் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, இறுதி அளவீடு குறிக்கப்பட்டது. தரம் பார்த்தல் மூன்று முறை செய்யப்பட்டது. இரண்டாம், மூன்றாம் அளவீடுகள் ஒத்திருந்தன.”

பழைய பத்தியில் இல்லாத கந்தக அமிலத்தின் அளவு, நிறம் நிலைத்த நேரம், சோதனை செய்த தடவை ஆகியவை இதில் வந்திருக்கின்றன. இவை கற்பனையில் வரக் கூடாது. ஆய்வகத்தில் குறித்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும். குறிப்பு இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

நிகழ்காலத்துக்கு எங்கே இடம்?

‘பெர்மாங்கனேட் தானே நிறங்காட்டியாகச் செயல்படுகிறது’ என்ற வாக்கியத்தை ‘செயல்பட்டது’ என்று மாற்ற வேண்டாம். அது அன்று மட்டும் நடந்ததல்ல, என்றும் நடப்பது. ‘வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது, அதனால்தான் முதல் துளிகளின் நிறம் மெதுவாக மறைகிறது’ என்பதும் அப்படியே. ஆனால் இவற்றின் இடம் கோட்பாட்டுப் பகுதி. செய்முறைக்குள் வந்தால் வரிசை அறுந்துபோகும். அளவீடுகளின் மதிப்புகளும் அட்டவணைக்குப் போகட்டும்.

எழுதி முடித்ததும் அந்தச் சோதனையைச் செய்யாத ஒருவரிடம் பத்தியைக் கொடுத்து, எந்தக் கலத்தில் எது, எவ்வளவு, எந்த வரிசையில் என்று காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ, அந்த வாக்கியத்தைத்தான் இன்னும் திருத்த வேண்டும்.