பதினோரு மணி மாத்திரையும் கையில் அதிரும் வாட்சும்

பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லீவோடோபா மாத்திரையை முன்னே பின்னே போட்டுக்கொள்ள முடியாது. நோய் வந்து சில வருடங்கள் ஆனவர்களுக்கு ஒரு மாத்திரையின் வேலை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்தது தாமதமானால் உடம்பு விறைத்துப்போய் நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடாகிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், ‘சாப்பிட்டதும் போட்டுக்கொள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. இந்த மாத்திரைக்குக் கடிகாரம்தான் கணக்கு.

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது காலை 7, 11, மாலை 3, இரவு 7. ஏழு மணி இரண்டுக்கும் வீட்டில் ஆள் இருக்கும். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருப்பார்கள். காது சற்று மந்தம், போன் எப்போதும் வேறு அறையில். அதனால்தான் கையில் கட்டும் வாட்ச் வாங்கினார்கள்.

வாங்கியதும் பெரும்பாலான வீடுகளில் செய்வது, போனில் ஒரு ரிமைண்டர் போட்டு அது வாட்சுக்கு வரும்படி வைப்பது. அப்படி வரும் அறிவிப்பு ஒரு தடவை ‘டக்’கென்று அதிர்ந்து நின்றுவிடும். பல வாட்சுகளில் புளூடூத் எல்லைக்கு வெளியே போய்விட்டால் அதுவும் வராது. ஐபோனோடு ஆப்பிள் வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: போன் திறந்து பயன்பாட்டில் இருந்தால் அறிவிப்பு அதிலேயே தெரியும், கைக்கு வராது. பேரன் அந்தப் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டியின் மாத்திரை அறிவிப்பு அவன் கண்ணில்தான் படும்.

ஆகவே வாட்சிலேயே உள்ள அலாரத்தில் நேரத்தைப் போடுங்கள். அது போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அடிக்கும். பல வாட்சுகளில் நாமாக நிறுத்தும் வரையோ சில நிமிடங்களோ விடாமல் அதிரும். வாங்குமுன் கடையிலேயே ஒரு அலாரம் வைத்து, கையால் தொடாமல், எவ்வளவு நேரம் அதிர்கிறது என்று பார்த்துவிடலாம். சில நொடிகளில் அடங்கிப்போகும் வாட்ச் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். மருமகள் எதிரே உட்கார்ந்து, “அத்தை, இப்ப தெரியுதா?” என்று கேட்டாள். “ம், நல்லாத் தெரியுதே” என்றார் பெரியம்மா. இரண்டு பேரும் வாட்சையே பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குமே தெரியும். கீரை ஆயும்போதும் டிவியில் மூழ்கியிருக்கும்போதும் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கை அசைந்துகொண்டிருக்கும்போது தோலுக்கு அதிர்வு மங்கலாகத்தான் உறைக்கும், இது எல்லா வயதினருக்கும் உண்டு. வயதானால் அதிர்வை உணரும் திறன் இன்னும் குறையும். பல வருடமாகச் சர்க்கரை இருந்தால் நரம்பு மரத்துப்போவது முதலில் பாதத்தில் ஆரம்பிக்கும், சிலருக்குக் கைக்கும் வரும்.

அதனால் சோதனையைச் சொல்லாமல் செய்ய வேண்டும். விடுமுறை நாளில் அவருக்குத் தெரியாமல் வேறு வேறு நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, தள்ளி இருந்து கவனியுங்கள். பாத்திரம் கழுவும்போது ஒன்று, வாசலில் நடக்கும்போது ஒன்று, மதியம் கண்ணயரும்போது ஒன்று. நீங்கள் கேட்காமல் அவராகவே கையைப் பார்த்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு. “அடிச்சுதா அத்தை?” என்று கேட்டால் பாவம், நமக்காக “ஆமா” என்றுதான் சொல்வார்கள்.

பெரியம்மாவுக்கு நடக்கும்போது தெரிந்தது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியவில்லை. தலைகீழாகத் தோன்றும். காரணம் நோயிலேயே இருந்தது. பார்க்கின்சன் நடுக்கம் பொதுவாகக் கை ஓய்வாக இருக்கும்போதுதான் அதிகம், ஒரு பக்கம் கூடுதலாகவும் இருக்கும். அவருக்கு இடது கை. வாட்ச் கட்டியிருந்ததும் இடது கையில். நடுங்கும் கையில் வாட்சின் சிறு அதிர்வு கரைந்துபோனது. வலது கைக்கு மாற்றியதும் உட்கார்ந்திருக்கும்போதும் தெரிந்தது. ஆனால் இப்போது நடுங்கும் இடது கையால்தான் அலாரத்தை நிறுத்த வேண்டும். திரையில் விரலைத் தேய்த்து நிறுத்துவது அவருக்கு வரவில்லை. பக்கவாட்டில் அழுத்தும் பட்டன் உள்ள வாட்ச் இங்கே கைகொடுத்தது.

இன்னொரு குறை பட்டையில். மணிக்கட்டு எலும்பின்மேல் தொளதொளவென்று கிடக்கும் வாட்ச், தான் மட்டும் ஆடுமே தவிரத் தோலை அசைக்காது. வளையல்களுக்கு நடுவே கட்டினாலும் இதே கதி. எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளி, பட்டைக்கடியில் ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கத்தில் கட்ட வேண்டும். துளை வைத்த ரப்பர் பட்டையைவிட, இழுத்து ஒட்டும் துணிப் பட்டை நல்லது. சாயங்காலம் கை வீங்கினால் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா வைத்த கையில் மட்டும் வாட்ச் கட்டவே கூடாது.

அதிர்வின் பலத்தையும் கூட்டலாம். ஆப்பிள் வாட்சில் Settings போய் Sounds & Haptics என்பதில் Prominent என்று வைத்தால் அறிவிப்புகள் அழுத்தமாக வரும். மற்ற வாட்சுகளில் vibration என்று தேடினால் பலத்தைக் கூட்டும் இடம் பெரும்பாலும் இருக்கும். அதைவிடப் பலன் தருவது, மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்துவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கப் படங்களுக்கெல்லாம் கை அதிர்ந்துகொண்டிருந்தால், இரண்டு வாரத்தில் மனசு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பெரியம்மாவின் வாட்சில் மாத்திரை அலாரத்தைத் தவிர வேறு எதுவும் அதிராது. அழைப்புக்குக்கூட அதிராது. இது கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் கை அதிர்ந்தால் மாத்திரை என்று அவருக்கு யோசிக்காமலே தெரிவது இதனால்தான்.

அதிர்வு தெரிந்துவிட்டது என்பதும் மாத்திரை உள்ளே போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. அலாரத்தை நிறுத்திவிட்டு, அடுப்பில் பால் பொங்க, அப்படியே மறந்துவிடலாம். மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும் என்று வழக்கப்படுத்தினார்கள். நான்கு அறை கொண்ட டப்பாவில் அன்றன்றைய மாத்திரை இருப்பதால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவதைப் போடும் ஆபத்தும் இல்லை. ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு அந்த டப்பாவின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். தானாக இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

சார்ஜ் போடும் நேரத்தையும் முடிவு செய்துவிட வேண்டும். ‘தீர்ந்தால் போடலாம்’ என்றிருந்தால், சரியாகப் பதினோரு மணிக்கு வாட்ச் மேஜையில் அதிர்ந்துகொண்டிருக்கும். இவர்கள் வீட்டில் இரவு மாத்திரை முடிந்ததும் சார்ஜில் போட்டு, படுக்குமுன் கட்டிவிடுகிறார்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் போதாது. கை அதிர்வது தெரியும், எதற்கென்று தெரியாது. பயந்துபோய் வாட்சைக் கழற்றி எறிபவர்களும் உண்டு. அவர்களுக்கு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்க ஒரு ஆள்தான் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. பெரியம்மா அந்த நிலையில் இல்லை. இருந்தாலும் மருமகள் பதினொன்றே காலுக்கு ஆபீசிலிருந்து லேண்ட்லைனுக்கு ஒரு போன் போடுகிறாள்: “அத்தை, ரெண்டாவது அறை காலியா?”