1728-இல் மிஞ்சிய எட்டு

12-இன் கனம் 1728. அதை 10-ஆல் வகுத்தால் ஈவு 172, மீதி 8. 102-இன் கனம் 10,61,208. அதை 100-ஆல் வகுத்தால் ஈவு 10,612, மீதி மறுபடியும் 8. 1002-இன் கனத்தை 1000-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 10,06,012, மீதி அதே 8. பத்துக்கும் நூறுக்கும் மட்டும் வாய்த்த வித்தை என்று நினைக்க வேண்டாம். 13-இன் கனமான 2197-ஐ 11-ஆல் வகுத்தாலும் ஈவு 199 போக 8 மிஞ்சும். 11 முதல் எந்த எண்ணின் கனத்தையும் அதைவிட இரண்டு குறைந்த எண்ணால் வகுங்கள், எட்டுதான் மிஞ்சும்.

எண்ணுக்குப் பதில் x என்று எழுதிவிட்டால், நாம் செய்துகொண்டிருப்பது x³-ஐ x−2-ஆல் வகுப்பது. பத்தாம் வகுப்பில் செய்த அதே நீள் வகுத்தல்தான். தவறு வரும் இடம் ஒன்றே ஒன்று. x³-க்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது, x³ + 0x² + 0x + 0 என்று காலி இடங்களுக்குப் பூஜ்யம் போட வேண்டும். போடாவிட்டால் உறுப்புகள் ஒன்றன்கீழ் ஒன்று சரியாக உட்காராது. தொகுமுறை வகுத்தல் தெரிந்தவர்களுக்கு இது இரண்டு வரி வேலை. 1, 0, 0, 0 என்று எழுதி 2-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கீழே 1, 2, 4, 8 என்று வந்து நிற்கும். முதல் மூன்றும் ஈவு, கடைசி எட்டு மீதி.

x³/(x−2) = x² + 2x + 4 + 8/(x−2)

x-க்கு 12 போட்டால் ஈவு 144 + 24 + 4, அதாவது 172. முதல் பத்தியில் வந்த 172 இதுதான். மிஞ்சிய 8-ஐப் 10-ஆல் வகுத்தால் 0.8. ஆக மொத்தம் 172.8.

இனி இதைப் படமாகப் பார்ப்போம். y = x³/(x−2) என்ற வளைவரையை வரைந்தால், x பெரிதாகப் பெரிதாக அது y = x² + 2x + 4 என்ற பரவளையத்தை ஒட்டிக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது 8/(x−2) மட்டும். x 12 ஆகும்போது அது 0.8, 102 ஆகும்போது 0.08, 1002 ஆகும்போது 0.008. தொடப்போவதில்லை, விலகப்போவதும் இல்லை. பிளஸ் டூ கணக்கில் தொலைத்தொடுகோடு என்று படிக்கிறோமே, அதேதான்; இங்கே அது கோடாக இல்லாமல் வளைந்திருக்கிறது, அவ்வளவே. மேலே உள்ள தொகுதியின் படியும் கீழே உள்ள பகுதியின் படியும் சமமாக இருந்தால் அது கிடைக்கோடு. தொகுதியின் படி ஒன்று கூடினால் சாய்ந்த கோடு. இரண்டு கூடினால் ஈவில் x² வந்துவிடும், அப்போது பரவளையம். பாடம் பெரும்பாலும் சாய்ந்த கோட்டோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி ஓரடி வைத்தால்தான் சுவாரசியமான சிக்கல் ஒன்று கண்ணில் படுகிறது.

அந்தச் சிக்கலை எனக்குக் காட்டியவள் மாலையில் கணக்கு கேட்க வரும் பிளஸ் டூ பெண். நான் பலகையில் வகுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "எதுக்கு சார் இவ்வளவு வேலை? x லட்சம், கோடின்னு போனா அதுல ரெண்டைக் கழிச்சா என்ன, கழிக்காட்டி என்ன? x³-ஐ x-ஆல வகுத்தா x². ஒட்டிப் போற பரவளையம் x²-தானே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1,00,000-க்குப் பதில் 99,998-ஆல் வகுத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? "சரிம்மா, 102 போட்டுப் பாரு" என்றேன். வளைவரையின் உயரம் 10,612.08. x² தருவது 10,404. இடைவெளி 208-க்குக் கொஞ்சம் அதிகம். "இன்னும் தள்ளிப் போகணும் சார்" என்றாள். 1002 போட்டோம். வளைவரை 10,06,012.008, x² 10,04,004. இடைவெளி 2008. நெருங்க வேண்டியது பத்து மடங்கு விலகிப் போயிருந்தது.

அவள் விடவில்லை. செல்போனில் இரண்டையும் வரைந்து, திரையைச் சுருக்கிச் சுருக்கிக் காட்டினாள். இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகொண்டே வந்தன. கணக்கு விலகுகிறது என்கிறது, படம் நெருங்குகிறது என்கிறது. எது பொய்?

இரண்டும் பொய்யில்லை. 20 சென்டிமீட்டர் உயரத் தாளில் 10,612 வரை கொள்ளுமாறு அளவுத்திட்டம் வைத்தால், அந்த 208 தாளில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தெரியும். அதே தாளில் 10,06,012 வரை கொள்ள வேண்டுமென்றால் 2008-க்குக் கிடைக்கும் இடம் 0.4 மில்லிமீட்டர். இடைவெளி பத்து மடங்கு பெருத்தது. ஆனால் தாள் நூறு மடங்கு சுருங்கியது. படத்தில் கண் பார்ப்பது விகிதத்தை. அந்த விகிதம் உண்மையிலேயே 1-ஐ நெருங்குகிறது. முதலில் 2 சதவீத வித்தியாசம், பிறகு 0.2 சதவீதம். தொலைத்தொடு வளைவரைக்கு வேண்டியதோ வித்தியாசமே பூஜ்யத்தை நெருங்குவது. சுருக்கிப் பார்த்து அதைச் சோதிக்க முடியாது. இரண்டு சார்பையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, அந்த வித்தியாசத்தைத் தனியாக வரைந்து பார்க்க வேண்டும். அது x அச்சை நோக்கிப் படிந்து வந்தால் சரி. மேலே ஏறிக்கொண்டே போனால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

x² + 2x வரை வகுத்துவிட்டு நிறுத்தினால்? வித்தியாசம் ஏறாது, ஆனால் 4-ஐ நெருங்கி அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு தூரம் போனாலும் நாலு குறையும். மீதியின் படி வகுக்கும் கோவையின் படியைவிடக் குறையும்வரை வகுத்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும், பாடப்புத்தகங்கள் அதிகம் பேசாதது. இடைவெளி என்று நான் இதுவரை சொன்னதெல்லாம் ஒரே x-இல் நேர் மேலும் கீழுமாக அளந்தது. பரவளையம் மேலே போகப் போகச் செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. அங்கே குறுக்கே அளந்தால் கதை மாறும். 10,612 உயரத்தில் நம் வளைவரையிலிருந்து x²-க்குப் பக்கவாட்டில் போக ஒரே ஓர் அலகு நடந்தால் போதும். ஏனென்றால் x² + 2x + 4 என்பது (x+1)² + 3. அதாவது x²-ஐ இடப்புறம் ஓரலகும் மேலே மூன்றலகும் நகர்த்தியது. அந்த ஓரலகு கடைசிவரை கரையாது, ஆகவே x² எந்த அளவுகோலிலும் தோற்கிறது. ஆனால் x² + 2x-க்கு அப்படியில்லை. 4 அலகு உயர வித்தியாசம் செங்குத்தான சரிவில் குறுக்கே அளக்கும்போது தேய்ந்து தேய்ந்து பூஜ்யத்துக்குப் போய்விடும். சாய்ந்த நேர்கோட்டில் இந்தத் தொல்லை இல்லை, எப்படி அளந்தாலும் ஒரே தீர்ப்புதான். வளைந்ததில் மட்டும் மேல்கீழாக அளப்பது என்று ஒரு வழக்கத்தை முதலிலேயே வகுத்துக்கொள்கிறோம். அந்த வழக்கப்படிதான் ஈவு முழுவதும், கடைசி 4 உட்பட, ஒரே விடையாகிறது.

வரைவதற்கு இப்போது எல்லாம் கையில் இருக்கிறது. முதலில் (−1, 3)-ஐ முனையாகக் கொண்டு பரவளையத்தைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். x = 2-இல் நெட்டாக ஒரு புள்ளிக்கோடு; அங்கே பகுதி பூஜ்யமாகிறது. இனி மீதியின் குறியைப் பார்த்தால் போதும். 2-க்கு வலப்பக்கம் 8/(x−2) மிகை எண், எனவே வளைவரை பரவளையத்துக்கு மேலே. இடப்பக்கம் குறை எண், எனவே கீழே. வலப்பக்கத் துண்டு நெட்டுக்கோட்டை ஒட்டி உச்சியிலிருந்து இறங்கி, x = 3-இல் 27 என்ற உயரம்வரை வந்து திரும்பி, பரவளையத்தோடு மேலேறுகிறது. அங்கே பரவளையத்தின் உயரம் 19, இடைவெளி சரியாக 8. இடப்பக்கத் துண்டு பரவளையத்தின் கீழே ஒட்டி இறங்கி, x = −2-இல் 2-க்கு வந்து, ஆதிப்புள்ளியில் ஒரு கணம் படுத்தாற்போல் கிடந்து, பிறகு நெட்டுக்கோட்டை ஒட்டிப் பாதாளத்துக்குப் போகிறது.

இந்த வடிவத்துக்குப் பெயர் வைத்தவர் நியூட்டன். 1704-இல் ஒளியியல் நூலோடு சேர்த்து அவர் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில் மூன்றாம் படி வளைவரைகளை 72 இனங்களாகப் பிரித்தார். அதில் 66-ஆவது இனம் xy = ax³ + bx² + cx + d. திரிசூலம் என்று பெயர். முடிவின்றிப் போகும் நான்கு கால்கள் அதற்கு உண்டு, இரண்டு நெட்டுக்கோட்டை ஒட்டியும் இரண்டு பரவளையமாகவும் போகும் என்கிறார். 1637-இல் தெகார்த் தன் வடிவியல் நூலில் பயன்படுத்தியதும் இதே வளைவரைதான். நம் கணக்கில் x−2-ஐ X என்று வைத்தால் Xy = X³ + 6X² + 12X + 8 என்று அப்படியே நியூட்டனின் சமன்பாடாகிவிடும். X-ஆல் ஒவ்வோர் உறுப்பையும் வகுத்தால் ஈவும் மீதியும் தானாகப் பிரிந்து நிற்கும், நீள் வகுத்தலே வேண்டாம். கீழே ஒரே ஒரு நேரிய காரணி இருக்கும்போது எனக்குப் பிடித்த வழி இது.

தொலைத்தொடுவதை வளைவரை வெட்டவே வெட்டாது என்று பலர் நம்புகிறார்கள். நம் கணக்கில் மீதி 8 என்ற மாறாத எண், அதனால் வெட்டவில்லை. (x⁴ + x)/(x² + 1)-ஐ வகுத்துப் பாருங்கள். ஈவு x² − 1, மீதி x + 1. மீதி x = −1-இல் பூஜ்யம், எனவே அங்கே வளைவரை தன் பரவளையத்தை நேராகக் கடந்து மறுபக்கம் போகிறது. x² + 1 எங்கும் பூஜ்யமாகாததால் நெட்டுக்கோடும் இல்லை.

அந்தப் பெண் கிளம்பும் முன் தானாகவே ஒன்று செய்து பார்த்தாள். மிஞ்சுகிற எட்டை முதலிலேயே கழித்துவிட்டாள்: (x³ − 8)/(x−2). மீதி போய்விட்டது. செல்போனில் வந்தது சுத்தமான பரவளையம், x² + 2x + 4. "இப்ப ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றாள். x-க்கு 2 போடச் சொன்னேன். மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம், விடையே இல்லை. (2, 12) என்ற ஒரு புள்ளி மட்டும் அந்தக் கோட்டில் கிடையாது. திரையை விரித்து விரித்துப் பார்த்தாள். ஓட்டை எங்கும் தெரியவில்லை.