பேசுபவர் பெயர் திரையில் எங்கே, எவ்வளவு நேரம்?

பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்தாலும், ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினாலும் அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் பேசும் வீடியோ நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது. பேசுபவர் விவசாயியா, வியாபாரியா, அதிகாரியா என்பதைப் பொறுத்தே அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நாம் முடிவு செய்கிறோம். அதைச் சொல்ல வேண்டியது திரையின் கீழே வரும் பெயர்ப் பட்டை. தொலைக்காட்சிச் செய்தி அறைகளில் இதை ‘ஆஸ்டன்’ என்பார்கள். பல உள்ளூர் வீடியோக்களில் இந்தப் பட்டை படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்திருக்கும், இல்லையென்றால் பேசுபவரின் தாடை வரை ஏறி நிற்கும். இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பதவியின் நீளம்.

முதலில் பதவியைக் குறையுங்கள்

தருமபுரி மாவட்டத்துக்கான வேளாண் அறிவியல் நிலையம் பாப்பாரப்பட்டியில் இருக்கிறது. அங்குள்ள ஒருவர் தக்காளி இலைச்சுருட்டு நோய் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குக் கீழே போடச் சொல்லி இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள்: ‘திட்ட ஒருங்கிணைப்பாளர், வேளாண் அறிவியல் நிலையம், பாப்பாரப்பட்டி’. புள்ளி எழுத்துகளையும் சேர்த்தால் 32 எழுத்துகள்.

தமிழ் எழுத்துகள் அகலமானவை. சில எழுத்துகள் ஒடுங்கியும், ‘ணை’ போன்றவை விரிந்தும் இருந்தாலும், 60 பிக்சல் அளவில் ஓர் எழுத்துக்குச் சராசரியாக 60 பிக்சல் அகலம் வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 32 எழுத்துகளுக்கு 1920 பிக்சல் ஆகிறது. கிடைமட்ட வீடியோவின் முழு அகலமே 1920தான். இந்த வரியை உள்ளே அடக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டும், அல்லது இரண்டு வரியாக மடிக்க வேண்டும். சிறிதாக்கினால் படிக்க முடியாது. மடித்தால் பட்டை உயர்ந்து முகத்தை நெருங்கும்.

நோயைப் பற்றிப் பேசுபவரை ‘வேளாண் விஞ்ஞானி, பாப்பாரப்பட்டி’ என்று சொன்னால் போதும். 15 எழுத்துகள், திரையில் பாதி அகலம்கூட வராது. அதே மனிதர் நிலையத்தின் பயிற்சித் திட்டத்தை அறிவிக்கிறார் என்றால் நிலையத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஊரை விட்டுவிடலாம். அவர் இப்போது எந்தத் தகுதியில் பேசுகிறாரோ அது மட்டும் பட்டையில் இருக்கட்டும். முழுப் பதவியை வீடியோவின் கீழே உள்ள விவரக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு பெரிய எழுத்து?

எடிட் செய்பவர் பெரிய மானிட்டரில் பார்க்கிறார். பார்வையாளரோ கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடி பார்க்கிறார். அப்போது கிடைமட்ட வீடியோவின் 1920 பிக்சலும் ஏழு சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடும். அச்சுக் கணக்கில் சொன்னால், எடிட்டிங்கில் 10 பிக்சல் என்பது கையில் சுமார் 1 பாயிண்ட். மானிட்டரில் அழகாகத் தெரிந்த 40 பிக்சல் பதவி வரி, கைபேசியில் 4 பாயிண்ட் ஆகிறது. மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தைவிடச் சிறியது அது.

ஆகவே கிடைமட்ட வீடியோவில் பெயருக்கு 80, பதவிக்கு 60 பிக்சல் என்று தொடங்கலாம். தமிழில் மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழியும் இடம் கேட்கும். அதனால் வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.4 மடங்கு விடுங்கள். பெயருக்கு 112, பதவிக்கு 84, மேலும் கீழும் 20 வீதம் ஓரம் சேர்த்தால் பட்டையின் உயரம் 236 பிக்சல்.

முகத்துக்கும் பட்டைக்கும் இடைவெளி

ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, எழுத்துகள் திரையின் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 5 சதவீதம் உள்ளே இருக்க வேண்டும். 1920×1080 வீடியோவில் அது பக்கவாட்டில் 96, கீழே 54 பிக்சல். நம் பட்டையின் அடிப்பகுதி 1026ல் நின்றால் மேற்பகுதி 790ல் வரும். மார்பளவுக் காட்சியில் கண்கள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது 360 அருகே இருந்தால், தாடை சுமார் 600ல் முடியும். நடுவே கிட்டத்தட்ட 200 பிக்சல் இடம் மிஞ்சுகிறது.

ஆனால் பேசுபவர் அசையாமல் இருப்பதில்லை. வேகமாகப் பேசும்போது முன்னால் சாய்வார், தலையாட்டுவார். எனவே முதல் ஃபிரேமை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். பட்டை இருக்கும் நேரம் முழுவதும் ஓட்டிப் பார்த்து, தாடை எங்கே மிகக் கீழே வருகிறதோ அந்த ஃபிரேமை வைத்து முடிவு செய்யுங்கள். முகம் முழுத் திரையையும் அடைக்கும் நெருக்கக் காட்சி என்றால் பட்டை எங்கே போட்டாலும் இடிக்கும். சற்று விலகி எடுத்த காட்சியில் பெயரைப் போட்டுவிட்டு, அதன் பிறகு நெருக்கக் காட்சிக்குப் போவதே வழி.

வெள்ளைச் சட்டை மேல் வெள்ளை எழுத்து தெரியாது. வெயிலில் எடுத்த வயல் காட்சிக்கும் இதே சிக்கல். எழுத்துக்குப் பின்னால் லேசாக ஊடுருவும் அடர்நிறப் பட்டை வையுங்கள்.

ஷார்ட்ஸ், ரீல்ஸ் போன்ற நிமிர்ந்த வீடியோக்களுக்குக் கணக்கு மாறும். அங்கே கீழ்ப்பகுதியைத் தலைப்பு வரியும், வலது ஓரத்தை லைக், ஷேர் பொத்தான்களும் மூடிவிடும். அடியில் வைத்த பெயர் அவற்றின் பின்னால் மறைந்துபோகும். தாடைக்குக் கீழே, நெஞ்சுப் பகுதியில், இடது ஓரத்திலிருந்து தொடங்குவது பாதுகாப்பு. 1080 பிக்சல்தான் கைபேசியின் முழு அகலம் என்பதால் அங்கே 50 பிக்சலே 9 பாயிண்ட் அளவுக்குத் தெரியும்.

எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும்?

புது முகம் திரைக்கு வந்ததும் கண் முதலில் முகத்தைத்தான் பார்க்கும். அந்த நொடியிலேயே எழுத்தும் வந்தால் இரண்டில் ஒன்று தவறிப்போகும். பேச்சு தொடங்கி ஒன்று, ஒன்றரை நொடி கழித்துப் பட்டை வரட்டும். பெயரையும் பதவியையும் வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் நிற்கட்டும். மேலே சொன்ன குறுகிய பதவிக்கு அது ஐந்து நொடி. வருவதற்கும் மறைவதற்கும் தலா அரை நொடி போதும்.

காட்சி மாறும் இடத்தில் பட்டை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. பேசுபவரிடமிருந்து தக்காளிக் கூடைகளுக்குக் காட்சி தாவும்போது அவர் பெயர் கூடைகளின் மேல் நின்றால், பார்ப்பவருக்குக் குழப்பம். மொத்தப் பேச்சே நான்கு நொடிதான் என்றால் பட்டையை முதலிலிருந்தே போடுங்கள், அல்லது பின்னணிக் குரலில் அவரை அறிமுகப்படுத்திவிடுங்கள். வசன வரிகளும் ஓடுகின்றன என்றால், பெயர் இருக்கும் ஐந்து நொடிக்கு அவற்றைப் பட்டைக்கு மேலே தூக்கி வையுங்கள். முகத்தைத் தொடும் என்றால் அந்த ஐந்து நொடிக்கு வசன வரியைச் சுருக்குங்கள். இடையில் வேறொருவர் பேசி, முதலாமவர் திரும்ப வந்தால் பெயரை மறுபடி காட்டலாம்.

தமிழுக்கே உரிய கோளாறு

சில எடிட்டிங் மென்பொருள்களில் ‘கொ’ என்று தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியே சிதறி நிற்கும். எழுத்துரு மேல் பழி போட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பல நேரங்களில் கோளாறு அமைப்பில் இருக்கும். அடோபி பிரீமியர் புரோவில் எழுத்து தொடர்பான அமைப்பில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சாகி வருவது போன்ற அனிமேஷனையும் தவிருங்கள். அதில் பெயர் பாதி வழியில் வேறு சொல்லாகத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் வீடியோவைக் கைபேசிக்கு அனுப்பி, ஒலியை அணைத்து, கை நீட்டும் தூரத்தில் வைத்து, அதை முன்பு பார்க்காத ஒருவரிடம் காட்டுங்கள். ‘யார் பேசுகிறார்கள்?’ என்று கேளுங்கள். தயங்கினால், எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றுவதற்கு முன் பதவியில் இன்னும் இரண்டு சொல்லை வெட்டுங்கள்.