டோக்கன் கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்க

சென்னையில் வாடகை வீடு மாறுபவர்களுக்குப் பெரிய சிக்கல், காலி செய்தால்தான் பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வரும் என்பது. அதுவரை புது வீட்டைப் பிடித்து வைக்க டோக்கன் உதவும். வாடகை 18,000, அட்வான்ஸ் ஒரு லட்சம் என்றால் இப்படிக் கேட்கலாம்: “சார், இன்னைக்கு பத்தாயிரம் டோக்கன் தர்றேன். மீதி தொண்ணூறாயிரத்தை 15ஆம் தேதிக்குள்ள கட்டிடறேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் வீட்டைக் காட்டாதீங்க.”

உரிமையாளர் தயங்குவது நியாயமே. இரண்டு வாரம் வீடு பூட்டிக் கிடந்தால் வாடகையில் பாதி போகும். அந்த நாட்களுக்கும் வாடகை தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்.

பணத்தை புரோக்கரிடம் தராமல் உரிமையாளர் கணக்கிலேயே போடுங்கள். டோக்கன் அட்வான்ஸில் கழியுமா, யார் பின்வாங்கினால் எவ்வளவு திரும்பும் என்பதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள்.