புதுப்பிக்கச் சொல்லும் கடிதம்

சென்னையில் ஒரு கோ-வொர்க்கிங் அலுவலகம். மேசைக் கட்டணம் அக்டோபர் முதல் மாதம் 6,500 ரூபாயிலிருந்து 7,200 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களுக்குப் போகும் கடிதத்தின் முதல் வரைவு, "கட்டணம் சற்றே மாற்றியமைக்கப்பட்டுள்ளது" என்கிறது. படித்தவர் உடனே போன் செய்து எவ்வளவு என்று கேட்பார். திருத்தம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பழைய தொகை, புதிய தொகை, தொடங்கும் தேதி மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். அடுத்து, கையிலிருந்து போகும் மொத்தம்: மூன்று மாதத்துக்கு 21,600, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,888, ஆக 25,488 ரூபாய். வரியைச் சொல்லாமல் விட்டால், பலர் 21,600 மட்டும் அனுப்பிவிடுவார்கள். மீதியைக் கேட்டு வாங்குவது இரு தரப்புக்கும் சங்கடம்.

பணம் செலுத்தும் வழியில் கூடுதல் கவனம் தேவை. வங்கிக் கணக்கு மாறியிருந்தால், மோசடிக் கடிதமோ என்ற சந்தேகம் நியாயமானது. ஆகவே இப்படி எழுதலாம்: "புதிய கணக்கு எண் இணைப்பில் உள்ளது. அனுப்பும் முன், உங்களிடம் ஏற்கெனவே உள்ள வரவேற்பு எண்ணில் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். குறிப்பில் மேசை எண்ணை எழுதுங்கள்." மேசை எண் இல்லாவிட்டால், ஒரே தொகையாக வந்த வரவுகளில் யாருடையது எது என்று கணக்காளர் தேட வேண்டியிருக்கும்.

தொடர விரும்பாதவர் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால் கடிதம் முழுமை.